வருடத்துக்கு மூன்றே விற்கும் கியர் பாக்ஸ்: அலமாரியில் எத்தனை இருக்க வேண்டும்?

கேள்வி: சேலத்தில் சேகோ ஆலைகளுக்கும் ஏற்காடு எஸ்டேட்டுகளுக்கும் உதிரி பாகம் விற்கும் கடை வைத்திருக்கிறேன். ஒரு கியர் பாக்ஸின் கொள்முதல் விலை 14,000 ரூபாய். இரண்டு வருடமாக, வருடத்துக்கு மூன்றுதான் விற்கிறது. ஒன்று வைத்திருப்பேன், விற்றதும் அடுத்த ஒன்றுக்கு ஆர்டர் போடுவேன், வந்து சேர இரண்டு மாதம். இந்தக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு அரை கியர் பாக்ஸ்தான் தேவை, ஒன்று தாராளம். ஆனாலும் கேட்டு வருபவர்களிடம் பாதி நேரம் ‘இல்லை’ என்றுதான் சொல்கிறேன். யாரும் காத்திருப்பதில்லை, வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். எத்தனை வைத்தால் சரி?

பதில்: உங்கள் கணக்கில் தவறு இருப்பது ‘மூன்றுதான் விற்கிறது’ என்ற இடத்தில். ஒன்று விற்றால் உங்கள் அலமாரி இரண்டு மாதம் காலி. மூன்று விற்றால் ஆறு மாதம் காலி. அப்படியென்றால் அந்த மூன்றும், அலமாரியில் சரக்கு இருந்த மீதி ஆறு மாதத்தில் விற்றவை. ஆறு மாதத்துக்கு மூன்று என்றால் வருடத்துக்கு ஆறு பேர் கேட்கிறார்கள். அதில் மூன்று பேரை நீங்கள் திருப்பி அனுப்புகிறீர்கள். ‘பாதி நேரம் இல்லை என்கிறேன்’ என்று நீங்களே எழுதியதும் இதோடு அப்படியே பொருந்துகிறது. லெட்ஜருக்கு விற்பனை மட்டும்தான் தெரியும், தேவை தெரியாது.

சேலம் பக்கத்து ஆலை ஒன்றின் ஸ்டோர்ஸில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். ஒரு கப்ளிங் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வெளியே போகிறது என்று ஒன்றுக்கு மேல் வைக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஸ்டோர்ஸில் இருக்காது என்று பழகிப்போன ஃபோர்மேன்கள் இன்டென்ட் எழுதுவதையே விட்டுவிட்டு லேத் பட்டறையில் கடைந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு கவுன்ட்டரில் ஒரு நாற்பது பக்க நோட்டை ஆணியில் மாட்டினேன். தேதி, என்ன கேட்டார்கள், இல்லை. அவ்வளவுதான் அதில். நீங்களும் இன்றே ஒன்று மாட்டிவிடுங்கள்.

அது நிரம்பும்வரை லெட்ஜரை வைத்தே மதிப்பிடலாம். ஒவ்வொரு கியர் பாக்ஸும் கடைக்கு வந்த தேதியையும் விற்ற தேதியையும் எடுத்துக்கொண்டு, சரக்கு கையிருப்பில் இருந்த மாதங்களை மட்டும் கூட்டுங்கள். விற்ற எண்ணிக்கையை அந்த மாதங்களால் வகுத்தால் மாதத் தேவை வந்துவிடும். ஓர் எச்சரிக்கை மட்டும்: சரக்கு வந்து இறங்கிய இரண்டு மூன்று நாளிலேயே விற்றுப்போன பதிவுகள் பல இருந்தால், அவை காலியாக இருந்தபோதே கேட்டுவிட்டு, வந்ததும் சொல்லச் சொன்னவர்கள் வாங்கியதாக இருக்கலாம். அவற்றையும் சேர்த்தால் தேவை உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். நீங்கள் யாரும் காத்திருப்பதில்லை என்பதால், ஆறு என்றே வைத்துக்கொள்கிறேன்.

இனி, வருடத்துக்கு ஆறு, வந்து சேர இரண்டு மாதம் என்றால், ஒரு சரக்கு வந்து சேரும் காலத்துக்குள் சராசரியாக ஒருவர் கேட்பார். சராசரி ஒன்று என்பதால் ஒன்று வைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் ஆட்கள் முறை வைத்து வருவதில்லை. ஆத்தூர் பக்கம் ஓர் ஆலையில் கியர் பல் உடைவதற்கும், ஓமலூர் பக்கம் இன்னொன்றில் உடைவதற்கும் தொடர்பு கிடையாது. வாடிக்கையாளர்கள் பலர், ஒவ்வொருவருக்கும் எப்போதோ ஒருமுறை, ஒருவரின் தேவை இன்னொருவரைப் பாதிக்காது. தற்செயலாக நடப்பது ஒரு காலத்துக்குள் எத்தனை முறை நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் பாய்சான் பரவல், இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் நன்றாகப் பொருந்தும். 1898-இல் போர்ட்கீவிச் என்பவர் இதைப் பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கையில் காட்டினார். கியர் பாக்ஸ் உடைவதும் கிட்டத்தட்ட அதே சாதி நிகழ்வுதான். சராசரி ஒன்று என்றால், இப்படிப்பட்ட நூறு இரண்டு மாதங்களில் 37-இல் யாரும் கேட்க மாட்டார்கள், 37-இல் ஒருவர், 18-இல் இருவர், 8-இல் மூன்று பேரோ அதற்கு மேலோ கேட்பார்கள். ‘ஆறு மாதம் ஆள் இல்லை, பிறகு ஒரே வாரத்தில் மூன்று பேர்’ என்று கடைக்காரர்கள் அலுத்துக்கொள்வது இதைத்தான்.

நீங்கள் பின்பற்றும் ‘ஒன்று போனால் ஒன்று’ என்ற முறை இதற்குச் சரியானதே, அதை மாற்ற வேண்டாம். மாற்ற வேண்டியது மொத்த அளவை. ஸ்டோர்ஸில் இதை அட்டை வைத்து நடத்துவோம். மூன்று என்று முடிவு செய்தால் மூன்று அட்டை வெட்டி, ஒவ்வொரு கியர் பாக்ஸிலும் ஒன்றைக் கட்டிவிடுவோம். சரக்கு போனதும் அட்டையைக் கழற்றி ஆர்டர் கிளிப்பில் மாட்டி, அன்றைக்கே ஓர் ஆர்டர். சரக்கு வந்ததும் அட்டை கிளிப்பிலிருந்து சரக்குக்குத் திரும்பும். அலமாரியில் இருப்பதும் வழியில் வந்துகொண்டிருப்பதும் சேர்த்து எப்போதும் மூன்று. அந்த மூன்றுதான் அடிப்படை இருப்பு அளவு. கிளிப்பில் மூன்று அட்டையும் தொங்கினால் அலமாரி காலி என்று பொருள்.

இந்த அமைப்பை வேறொருவர் முன்பே பார்த்துவிட்டார். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்த எர்லாங் 1917-இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். இத்தனை லைன்கள் இருந்தால், எத்தனை அழைப்புகள் எல்லா லைனும் பிஸியாக இருப்பதால் திரும்பிப் போகும் என்பது அவர் கேள்வி. உங்கள் அட்டை ஒவ்வொன்றும் ஒரு லைன். ஒரு விற்பனை நடந்தால் அந்த லைன் இரண்டு மாதம் பிஸி. மூன்று லைனும் பிஸியாக இருக்கும்போது வருபவர் வேறு கடைக்குப் போகிறார். எந்த மாற்றமும் இல்லாமல் அதே சூத்திரம் பொருந்தும். கால்குலேட்டரில் இப்படிப் போடலாம்:

```
a = 6 × 2/12 = 1
B(0) = 1
B(S) = a × B(S-1) / (S + a × B(S-1))
```

இதில் a என்பது ஒரு சரக்கு வந்து சேரும் காலத்துக்குள் சராசரியாகக் கேட்பவர்களின் எண்ணிக்கை. S என்பது அட்டைகளின் எண்ணிக்கை. B என்பது கேட்டு வருபவர்களில் வெறுங்கையோடு திரும்புபவர்களின் பங்கு. ஓர் அட்டைக்கு 1/(1+1), அதாவது 50 சதவீதம். நீங்கள் இப்போது இருக்கும் நிலை. இரண்டுக்கு 0.5/2.5, அதாவது 20 சதவீதம். மூன்றுக்கு 0.2/3.2, அதாவது 6.25 சதவீதம். நான்குக்கு ஒன்றரை சதவீதம். வருடத்துக்கு ஆறு பேர் என்பதால், இழக்கும் விற்பனை முறையே 3, 1.2, சுமார் 0.38, சுமார் 0.09.

எங்கே நிறுத்துவது என்பதை சதவீதத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ‘95 சதவீதம் வேண்டும்’ என்று எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவுகோல் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; விலை உயர்ந்த சரக்கில் பணம் முடங்கியதுதான் மிச்சம். ஒவ்வொரு கூடுதல் அட்டைக்கும் தனியாகக் கணக்குக் கேளுங்கள். முடங்கும் பணத்துக்கு வட்டி, துரு, மாடல் மாறிப்போகும் அபாயம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 20 சதவீதம் என்று வைக்கிறேன். இது என் ஊகம், உங்கள் ஓவர்டிராஃப்ட் வட்டியைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் ஒரு கியர் பாக்ஸ் வருடம் முழுக்க அலமாரியில் உட்கார்ந்தால் 2,800 ரூபாய் செலவு.

ஓர் அட்டையில் சராசரியாக அலமாரியில் இருப்பது 0.5. இரண்டாக்கினால் 1.2. அதாவது இரண்டாவது கியர் பாக்ஸால் சராசரி இருப்பு 0.7 கூடுகிறது, செலவு 1,960 ரூபாய். அதற்குப் பதிலாக 1.8 விற்பனை மீட்கப்படுகிறது. ஒரு விற்பனைக்கு ஏறத்தாழ 1,090 ரூபாய். மூன்றாவதால் இருப்பு 0.86 கூடுகிறது, செலவு 2,415, மீட்பது 0.825 விற்பனை. ஒரு விற்பனைக்கு 2,930. நான்காவதுக்கு இதே கணக்கு 9,400 ரூபாயைத் தாண்டிவிடும். சராசரி இருப்பை நீங்களே சரிபார்க்க வேண்டுமானால், அட்டைகளின் எண்ணிக்கையிலிருந்து a × (1 − B)-ஐக் கழித்தால் வந்துவிடும்.

இப்போது நான் உங்களைக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு கியர் பாக்ஸ் விற்றால் உங்களுக்கு என்ன நிற்கிறது? 2,000 ரூபாய் என்றால் இரண்டாவது நிச்சயம், மூன்றாவது அதன் லாபத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கட்டாது. ஆனால் கியர் பாக்ஸ் வாங்க வருபவர் அதோடு ஆயில் சீல், கப்ளிங் ரப்பர், ஒரு டின் கியர் ஆயில் என்று வாங்குவார். கிழங்கு தொட்டியில் கிடக்க, ஆலையை நிறுத்திவிட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த முறை அவர் நேராக அந்த வேறு கடைக்கே போவார். இதையெல்லாம் சேர்த்தால் 3,000 ரூபாயைத் தொடும் என்பது என் கணிப்பு. அதனால் நானாக இருந்தால் மூன்று வைப்பேன். இரண்டு போதும் என்று நீங்கள் சொன்னாலும் சண்டைக்கு வர மாட்டேன். நான்கு வேண்டவே வேண்டாம்.

இதே கணக்கின் ஓரத்தில் இன்னொரு சுலபமான விதி கிடக்கிறது. ஒரு பொருளை வைப்பதா வேண்டாமா என்ற முதல் கேள்விக்கு, வருடாந்திர இருப்புச் செலவை வருடத் தேவையால் வகுத்தால் போதும். சரக்கு வந்து சேரும் காலம் இந்த விடையில் நுழைவதே இல்லை. இந்தக் கியர் பாக்ஸுக்கு 2,800/6, ஒரு விற்பனைக்கு 470 ரூபாய்கூட இல்லை. அதே விலையுள்ள வேறொரு மாடலை இரண்டு வருடத்துக்கு ஒருவர்தான் கேட்பார் என்றால், 2,800/0.5, அதாவது 5,600 ரூபாய். அதை வைக்காதீர்கள். கேட்பவரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வரவழைத்துக் கொடுங்கள்.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சூத்திரம் உறுதி. சரக்கு ஒருமுறை நாற்பது நாளிலும் ஒருமுறை எண்பது நாளிலும் வந்தாலும் பாதகமில்லை, சராசரி மட்டும் சரியாக இருந்தால் போதும். இது நிரூபிக்கப்பட்ட விஷயம். சந்தேகம் அந்த ஆறில் இருக்கிறது. இரண்டு வருடத்தில் நீங்கள் விற்றது மொத்தமே ஆறு, அதுவும் சரக்கு இருந்த பன்னிரண்டு மாதத்தில். இவ்வளவு குறைந்த எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் உண்மையான தேவை வருடத்துக்கு இரண்டாகவும் இருக்கலாம், பதின்மூன்றாகவும் இருக்கலாம். 95 சதவீத நம்பிக்கை எல்லை அவ்வளவு அகலம். மூன்று அட்டை வைத்தால், தேவை வருடத்துக்கு மூன்று என்றால் இழப்பு ஒரு சதவீதம்தான். பத்து என்றால் 16 சதவீதம். ‘இல்லை’ நோட்டின் வேலை இந்த அகலத்தைக் குறைப்பதுதான். ஒரு வருடம் எழுதிவிட்டு a-வை மறுபடி கணக்கிடுங்கள். நடுவில் தொடாதீர்கள்.

நடுவில் கை அரிக்கும் என்பதால் இதைச் சொல்கிறேன். மூன்று வைத்தாலும் வருடத்தில் சுமார் 23 நாள் அலமாரி காலியாகத்தான் இருக்கும். அந்த நாளில் ஒருவர் வந்து திட்டிவிட்டுப் போனதற்காக நான்காவது அட்டை வெட்டக் கூடாது. அதேபோல் ஆறு மாதம் ஒன்றுகூடப் போகவில்லை என்றாலும் பதற வேண்டாம். வருடத்துக்கு ஆறு போகும் பொருளுக்கே நூறில் ஐந்து அரை வருடங்கள் அப்படி அமையும். வருடத்துக்கு ஒன்று போகும் பொருளானால், ஒரு முழு வருடம் ஒன்றுமே போகாமலிருக்க 37 சதவீத வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்டதை ‘டெட் ஸ்டாக்’ என்று எழுதிப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, அடுத்த மாதமே முழு விலைக்கு வாங்கியதை நான் கண்ணால் பார்த்தவன்.

நடைமுறையில் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் ஆர்டர் போடுவதில் ஏற்படும் தாமதம். விற்றது முதல் தேதி, ஆனால் விற்பனைப் பிரதிநிதி மாதம் ஒருமுறை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், சராசரியாகப் பதினைந்து நாள் கூடி இரண்டு மாதம் இரண்டரை ஆகிவிடும். மூன்று அட்டையில் இழப்பு 6.25-லிருந்து 9.7 சதவீதமாக ஏறும். ஒரு போன் செய்தால் இது மிச்சம். லெட்ஜரில் விற்ற தேதியையும் ஆர்டர் போட்ட தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே இந்த ஓட்டை தெரிந்துவிடும். ஒவ்வொன்றாக வரவழைப்பதால் லாரி கூலி உதைக்குமோ என்றால், ஒரு பார்சலுக்கு இருநூறு முந்நூறு ரூபாய்க்குள் இருக்கும்வரை ஒவ்வொன்றாகவே வாங்கலாம். ஆயிரத்தைத் தாண்டினால் இரண்டிரண்டாக வாங்குவதே மலிவு. அப்போது இந்தக் கணக்கு இப்படியே பொருந்தாது.

வேறு சில இடங்களிலும் பொருந்தாது. தயாரிப்பாளரிடமே சரக்கு தீர்ந்து, உங்கள் மூன்று ஆர்டரும் ஒன்றாகச் சிக்கி ஒரே லாரியில் வந்து இறங்குகிறது என்றால், மூன்று லைனும் தனித்தனியாக விடுபடும் என்ற அடிப்படையே போய்விடும். உண்மையான இழப்பு நான் சொன்னதைவிட அதிகமாக இருக்கும். ஒரே ஆலை இரண்டு மூன்றாக வாங்கினாலும் அப்படித்தான். ஆலையைப் பூட்டிப் பராமரிப்பு வேலை எடுக்கும்போது வாங்குபவர்களிடம் முன்கூட்டியே கேட்டு, அந்தத் தேவையை அட்டைக் கணக்குக்கு வெளியே தனியாக வரவழைத்துவிடுங்கள். அது தற்செயலாக வரும் தேவை கிடையாது. காத்திருக்கத் தயாராக இருப்பவர் ஒருவர் அட்வான்ஸ் கொடுத்தால், அவருக்கும் ஓர் ஆர்டர் தனி, அட்டையில் கை வைக்காதீர்கள். எல்லோருமே காத்திருப்பவர்கள் என்றால் சூத்திரமும் வேறு. அப்போது பாய்சான் பரவலை நேராகக் கூட்ட வேண்டும். மூன்று அட்டைக்கு `=POISSON.DIST(2,1,TRUE)` என்று ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டால் 0.92 வரும். அதாவது நூறில் எட்டுப் பேர் காத்திருக்க நேரும். அங்கே 2 என்பதற்குப் பதில் 3 போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அலமாரியில் கடைசியாக ஒன்றாவது இருந்தால்தான் வந்தவருக்குக் கொடுக்க முடியும் என்பதால், வழியில் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

ஏற்காடு எஸ்டேட்டுகளையும் குறிப்பிட்டிருந்தீர்கள். அங்கே விற்கும் காபி பல்பர் பாகங்களுக்கு இந்த முறையை எடுத்துப் போகாதீர்கள். பழம் பறிப்பு மும்முரமாக இருக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரைதான் பல்பர் ஓடும், அப்போதுதான் உருளையின் செம்புத் தகடு கிழியும். இரண்டு மாதம் கழித்து வரும் சரக்கு, கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் ஏறி மேலே போய்ச் சேரும்போது பறிப்பே முடிந்திருக்கும். அதனால் போனதற்குப் பதில் ஒன்று என்பதில் பயனில்லை, அக்டோபருக்குள் மொத்தமாக வாங்கி வைத்துவிட வேண்டும். பருவத்துக்குச் சராசரி ஐந்து பேர் கேட்கிறார்கள் என்றால், ஏழு வைத்தால் நூறில் 87 பருவங்களுக்கு யாரையும் திருப்பி அனுப்ப வேண்டியிராது. மீந்தது அடுத்த நவம்பர்வரை உட்கார்ந்திருக்கும், அந்தச் செலவையும் சேர்த்து விலை வையுங்கள்.